கச்சேரி வாசலில் அப்பாவுக்கு விழுந்த சல்யூட்

கல்யாணம் முடிந்து நான் குடிபோனது போலீஸ் லைன் வீட்டுக்கு. நீளமாக ஒரே ஓட்டுக்கூரை, அதன் கீழே வரிசையாகக் குடும்பங்கள். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டுக்கும் சோறு இறங்கும். முன்னால் பெரிய மைதானம். காலையில் போலீஸ்காரர்கள் அதில் பரேடு செய்வார்கள். சாயங்காலம் ஹைஸ்கூல் பையன்கள் வருவார்கள். பள்ளிக்கூடங்களில் என்.சி.சி. என்று ஒன்று புதிதாக ஆரம்பித்திருந்த காலம் அது. நாங்கள் எல்லாம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போகிறவர்களும், அவர்களை அடிக்கப் போகிறவர்களும் ஒரே ரோட்டில்தான் நடந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும், பிறகு சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் அந்த மைதானத்து ஓரத்தில் நெல் காயவைத்துக் காக்கை விரட்டிக்கொண்டே நான் கற்ற பாடத்தை எந்தப் பையனும் கற்றிருக்கமாட்டான். சல்யூட் என்றால் கையைத் தூக்குவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே! முதலில் குதிகால் இரண்டும் ஒட்டி அட்டென்ஷனில் நிற்க வேண்டும். வலது கை பக்கவாட்டில் நேராக மேலே வந்து, முழங்கை மடங்கி, நடுவிரல் நுனி வலது புருவத்துக்கு மேலே வந்து நிற்க வேண்டும். உள்ளங்கை எதிரே நிற்பவருக்குத் தெரிய வேண்டும். விரல்கள் ஒட்டியிருக்க வேண்டும். இறக்கும்போது மட்டும் சுற்றி வராமல் முன்பக்கமாக, குறுக்கு வழியில் கீழே. போகும்போது நீண்ட வழி, வரும்போது குறுகிய வழி. உள்ளங்கையைக் காட்டுவது எதற்காம்? கையில் ஆயுதம் இல்லை, உன்னை நம்பித்தான் நிற்கிறேன் என்று அர்த்தமாம். பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த உஸ்தாது பழைய பட்டாளத்துக்காரர். அவர் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் காக்கையை விட்டுவிட்டேன். ஒரு படி நெல் போயிற்று.

தலையில் தொப்பி இல்லாவிட்டால் சல்யூட் கிடையாது. இதில்தான் பையன்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒருநாள் ஹெட்மாஸ்டர் மைதானத்துக்கு வந்தார். நல்ல வீட்டுப் பையன் ஒருவன் அவரைக் கண்டதும் படக்கென்று தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றான். வீட்டில் அப்படித்தானே பழக்கம். பெரியவர்கள் வந்தால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டவேண்டும். உஸ்தாதுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"எலே, தொப்பிய எடுத்தா நீ ஆருலே? வெறும் பயல். வெறும் பயலுக்க சல்யூட்டு ஒருத்தனுக்கும் வேண்டாம்! தொப்பிய வைலே!"

பையன் பயத்தில் தொப்பியைப் பின்பக்கம் முன்னாக வைத்துக்கொண்டான். நான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டேன்.

எங்கள் அப்பாவுக்கு மட்டும் இந்தத் தொப்பி விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பா அய்யாவழிக்காரர். நெற்றியில் நாமம், பதிக்குப் போனால் தலையில் தலைப்பாகை. பதி என்பது எங்கள் கோயில், அங்கே தலையை மூடிக்கொண்டுதான் கும்பிடுவோம். அப்பாவின் தாத்தா காலத்தில் எங்களைப் போன்றவர்கள் தலையில் துண்டு கட்டினால் அடி விழும். அதனால் அப்பா வயலுக்குப் போனாலும் பாகையோடுதான் போவார். "ஏட்டி, கண்டியா, போலீசுலயும் நம்மள மாதிரித்தான். தலைய மறைச்சாத்தான் மரியாதை" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். போலீஸ்காரருக்கு என்னைக் கொடுத்ததற்குப் பாதிக் காரணம் அந்தத் தொப்பிதான் என்று அம்மா குறை சொல்லுவாள். மீதிப் பாதியை அவள் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது ஆயுதப் போலீசில் புதிய கான்ஸ்டபிள். வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு தப்பு நடந்தால் காக்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அனுப்பினால் லைன் வீடும் போகும். எனக்கோ வயிற்றில் முதல் பிள்ளை. அதனால் அவர் பூட்சுக்குப் பாலீஷ் போட்டால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன். எங்கேயாவது ஒரு பொட்டு மங்கலாக இருந்துவிடுமோ என்று நான் படுத்த பிறகும் எழுந்துபோய்ப் பார்ப்பேன்.

துப்பாக்கி கையில் இருந்தால் சல்யூட்டும் வேறே. அவர் வீட்டில் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு எனக்குக் காட்டியிருக்கிறார். பாராவில், அதாவது வாசல் காவலில், நிற்கிறவர் துப்பாக்கியை இடது தோளில் சாய்த்து வைத்திருப்பார். சின்ன ஆபீசர் வந்தால் வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்த் துப்பாக்கிக் கட்டையில் பளீரென்று ஒரு தட்டு. விரல்கள் நேராக இருக்க வேண்டும், முழங்கை தொங்கக்கூடாது. அது கட்டை சல்யூட். சூப்பிரண்டு மாதிரிப் பெரிய ஆபீசர் வந்தால் அது போதாது. "கார்டு டர்ன் அவுட்!" என்று பாராக்காரர் கத்த வேண்டும். உள்ளே இருக்கிற காவல் ஆட்கள் எல்லாரும் ஓடிவந்து வரிசையில் நிற்க, ஏட்டையா கட்டளை கொடுக்க, துப்பாக்கியை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடிப்பார்கள். அதற்கு பிரசன்ட் ஆம்ஸ் என்று பேர். அப்போது கண் நேரே நிற்க வேண்டும். எதிரே யானையே வந்து நின்றாலும் பார்க்கக்கூடாது.

"அப்போ உங்க அம்ம வந்தா?" என்று கேட்டேன்.

"அம்ம வந்தாலும் ஒண்ணும் கிடையாது. பாராவில நிக்கியவனுக்கு அம்மையும் கிடையாது, அப்பனும் கிடையாது."

"பெண்டாட்டி?"

"அவளும் கிடையாது. துடைப்பத்தப் பிடி, எனக்கு நேரமாச்சு."

எனக்கு இப்படித் தெளிவாகச் சொன்ன மனிதர், எங்கள் வீட்டு விருந்தில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு அப்பாவிடம் என்ன சொன்னார் தெரியுமா? வறுத்த ஏத்தவாழைக்காய் உப்பேரி வாயில் இருக்கும்போது மனிதர்களுக்கு வாய் நீளும்.

"மாமா, ஒரு நாளு கச்சேரிப் பக்கம் வாருங்க. நம்ம நிக்கிய நிலையப் பாக்கலாம். பெரிய மனுசன் வந்தா தோக்குல ஒரு தட்டு தட்டுவேன் பாருங்க, அந்தச் சத்தம் சந்தை வரைக்கும் கேக்கும்."

"எனக்கும் தட்டுவியளா மாப்ளே?"

"மாமாவுக்கு இல்லாமலா!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் சொன்ன சொல்லை நம்புகிற ஆள்.

அது நடந்து கொஞ்ச நாளிலேயே ரோட்டில் ஊர்வலமும் கல்லெறியும் கூடிப்போயிற்று. தமிழ்ப் போலீஸ்காரர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று மேலே இருக்கிறவர்களுக்குச் சந்தேகம். தாலுக்கா கச்சேரியில், அதாவது தாலுக்கா ஆபீசில்தான், கஜானா இருந்தது. அதற்குக் காவல் போட்டிருந்தார்கள். சூப்பிரண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிக்கிறாராம் என்று லைன் முழுக்கப் பேச்சு. ஒரு இடத்தில் பெல்ட் இறுக்கமாக இல்லாத ஒருவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அது உண்மையோ பொய்யோ, பக்கத்து வீட்டுக்காரி சொன்னதும் நான் உள்ளே போய் அவருடைய பெல்ட்டை எடுத்துப் பார்த்தேன்.

அந்த வாரம் என் வீட்டுக்காரருக்குக் கஜானாக் காவல். மத்தியானம் நான் சோறு கொண்டு போவேன். கச்சேரி வாசலுக்கு எதிரே ஒரு அயனி மரம். அதற்கு அந்தப் பக்கம் பெண்கள் போகக்கூடாது. பாரா இல்லாத கான்ஸ்டபிள் யாராவது வந்து தூக்குப்பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போவார்.

அன்றைக்கு நான் புறப்படுகிற நேரம் அப்பா வந்து நின்றார். தோளில் ஒரு ஏத்தன் வாழைக்குலை. தலையில் பதிக்குக் கட்டுகிற வெள்ளைப் பாகை, புதிதாக வெளுத்தது. எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

"அய்யா உண்டு" என்றார் அப்பா. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டால் அப்படித்தான் சொல்லுவோம்.

"அய்யா உண்டு அப்பா. என்ன, பதிக்குப் போற கோலம்?"

"மாப்பிள்ளயப் பாக்கத்தான். சோத்துப் பாத்திரத்த எடு, நானும் வாறேன்."

"அப்பா, அவிய பாராவுல நிப்பாவ. பேசமாட்டாவ, திரும்பக்கூடப் பாக்கமாட்டாவ. குலைய வீட்டுல வச்சிட்டு ராத்திரி இருந்து பாத்துட்டுப் போவலாம்."

"பேசண்டாம். அவரு தட்டுனாப் போதும்."

எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். வழியெல்லாம் சொன்னேன். அவர் நடையைக் கூட்டினார். வயிற்றுப் பிள்ளையோடு நான் பின்னால் ஓடினேன்.

அயனி மரத்தடியில் வழக்குக்காரர்கள், பத்திரம் எழுதுகிறவர், சாயாக்கடைக்காரர் என்று ஒரு கூட்டம். கச்சேரி வாசலில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். காக்கி நிக்கர், காலில் பட்டைத் துணி சுற்று, கூம்புத் தொப்பி, தோளில் துப்பாக்கி. கொஞ்ச தூரம் நடப்பது, திரும்புவது, நிற்பது. அப்பா நேரே போனார். அவருக்கு முன்னால் மூன்று முழத் தூரத்தில் நின்றார். குலையை இறக்கவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கண் அசையவில்லை. ஆனால் அந்தக் கழுத்தில் வேர்வை வழிந்ததை நான் மரத்தடியிலிருந்து கண்டேன்.

அப்பா நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கூட்டம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது.

"ஓய், அது ஆருவேய்? பெட்டிசன் கொண்டு வந்தவரா?"

"இல்லவேய், போலீசுக்காரருக்க மாமனாராக்கும்."

"அப்படியா! மருமவனுக்கு மாமனார அடையாளம் தெரியல்ல போலிருக்கே."

"பாகைய அவுத்தா தெரியுமோ என்னவோ!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அப்பா காதில் அது விழுந்தது. கன்னம் சிவந்தது. ஆனால் கால் நகரவில்லை. பிறகு, மெதுவாக, ஒரு கையைக் குலையிலிருந்து எடுத்துப் பாகையில் வைத்தார். அவிழ்க்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எவனுக்கும் முன்னால் அவிழ்க்காத பாகை. என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் வலது கை எழும்பியது. பளீர்!

சந்தை வரைக்கும் கேட்டதோ என்னவோ, கச்சேரிக்குள்ளே நன்றாகக் கேட்டது. உள்ளே காவல் அறையில் இருந்தவர்கள் காலையிலிருந்தே சூப்பிரண்டு வருவார், வருவார் என்று பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர்கள். கட்டையில் தட்டுகிற சத்தம் கேட்டதும் ஏட்டையாவுக்கு உயிரே போயிருக்கும். பெரிய ஆபீசர் வந்துவிட்டார், பாராக்காரன் பயத்தில் கூப்பிட மறந்துவிட்டான் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

"கார்டு, டர்ன் அவுட்!"

தடதடவென்று பூட்ஸ் சத்தம். ஓடிவந்து வரிசை கட்டினார்கள். கண் நேரே. "பிரசன்ட் ஆம்ஸ்!" துப்பாக்கிகள் ஒன்றாக நிமிர்ந்தன. ஏத்தன் குலையும் பாகையுமாக நின்ற என் அப்பாவுக்கு முன்னால் கஜானாக் காவல் முழுவதும் மரியாதை செய்து நிற்கிறது! கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அப்பா அமைதியாகக் குலையைக் கீழே வைத்து, இரண்டு கையையும் கூப்பி, "அய்யா உண்டு" என்றார்.

ஏட்டையாவின் கண் அப்போதுதான் ஒரு மயிரிழை கீழே இறங்கியது. அவர் முகம் சாம்பல் நிறமானதை நான் கண்டேன்.

அதற்குப் பிறகுதான் கச்சேரிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. சத்தம் போட்ட குரல் இல்லை. சாதாரணமாக ஒருவர் குடிக்க வெள்ளம் கேட்பது மாதிரி.

"ஏட்டே. இவிட ஆரும் இல்லே?"

சூப்பிரண்டு ஜீப்பைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, நடந்து, பின்வாசல் வழியாக வந்திருந்தார். கஜானா அறையின் இரும்புக் கதவு உள்வராந்தாவில்தான். அதற்கு எதிரே எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன நடந்தாலும் எழுந்திருக்கக்கூடாது. அந்த ஆளும் ஏட்டையா கத்தின கத்தலில் மற்றவர்களோடு ஓடிவந்துவிட்டார். சூப்பிரண்டு கஜானாப் பூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு தனியாக நின்றிருந்தாராம். பிறகு அவர் வெளியே வந்தார். வரிசையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். குலையைப் பார்த்தார்.

இப்போது அவருக்கு மரியாதை செய்ய வேண்டும். துப்பாக்கியை இறக்கி, மறுபடி நிமிர்த்தி, எல்லாம் முறையாக நடந்தது. ஆனால் ஏட்டையாவின் கட்டளைக் குரல் ஓட்டைக் குழல் மாதிரி இருந்தது. சூப்பிரண்டு நிதானமாக சல்யூட்டைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும், அதுவும் சட்டம்தான். கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரருக்கு எதிரே வந்து நின்றார்.

"இது ஆரா? கலெக்டரோ?"

"இல்ல ஸார்."

"மந்திரியோ?"

"இல்ல ஸார்."

"பின்னே?"

"பாரியைக்க அப்பா, ஸார்."

சூப்பிரண்டு ஏட்டையா பக்கம் திரும்பினார். "நாளெ ஆர்டர்லி ரூம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். என் கையிலிருந்த தூக்குப்பாத்திரம் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. மோர்க்குழம்பு என் கால்விரலுக்கு இடையில் ஓடியது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏட்டையா வந்தார். அவருக்கு பென்ஷன் நெருங்கிய காலம்.

"எடோ, நாளைக்குக் கேக்கும்போ, ஆபீசருக்க ஜீப்பக் கண்ட மாதிரி இருந்துச்சுன்னு சொல்லு. அதான் தட்டுனேன்னு சொல்லு. மாமனாருக்குத் தட்டுனேன்னு சொன்னா நீயும் போவே, நானும் போவேன்."

"நான் அங்ஙனேயே அவருகிட்ட சொல்லிட்டேனே, பாரியைக்க அப்பான்னு."

"அது பயத்துல உளறுனதுன்னு சொல்லு!"

ஏட்டையா போனபிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பூட்சையும் பாலீஷையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஊர்வலக்காரர்களுக்கு வழிவிட்டுக் காவலை முன்னால் இழுத்தான் என்று எழுதிவிட்டால் வேலை மட்டும் போகாது, ஜெயிலும் உண்டு என்று பக்கத்து வீட்டுக்காரி வேறு வந்து சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனசுதான் அவளுக்கு, நாக்குதான் கொஞ்சம் பொல்லாதது. பிரசவத்தில் எனக்கு அவள்தான் கூட நின்றாள். அது வேறே கதை.

மறுநாள் காலையில் ஆர்டர்லி ரூம். பேரைக் கேட்டு ஏதோ வேலைக்காரர்கள் அறை என்று நினைக்கவேண்டாம். குற்றம் சொல்லப்பட்ட ஆளை ஆபீசர் விசாரிக்கிற அறை அது. பாதிக் கதவு போட்டிருந்தார்கள். அப்பாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றேன். போ என்று யாரும் சொல்லவில்லை, என் வயிற்றைப் பார்த்திருப்பார்கள்.

வாசலில் வந்ததும் ஒரு கட்டளை. "கேப் ஆஃப்! பெல்ட் ஆஃப்!" என் வீட்டுக்காரரின் தொப்பியையும் பெல்ட்டையும் எடுத்துவிட்டார்கள். அதுதான் முறை. குற்றம் தீரும்வரை அந்த ஆளுக்கு சல்யூட் அடிக்கிற உரிமை கிடையாது. தலை வெறுமையாக இருந்தால் கை எழும்பமுடியாதே, அதற்குத்தான். எனக்கு மைதானத்தில் பார்த்துத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, தலைய வெறுமையாக்கிட்டானுவளே! வேல போச்சு, அப்படித்தானே?"

"இல்லப்பா, சும்மா இருங்க. அது முறையாக்கும்."

எனக்கு மட்டும் நம்பிக்கை இருந்ததா?

லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட் என்று உள்ளே நடத்திக்கொண்டுபோய் மேசைக்கு எதிரே நிறுத்தினார்கள். சூப்பிரண்டு தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அப்பாவைக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்ற ஆர்டர்லி அப்பாவைத் தடுத்தார்.

"வேய், பாகைய அவுத்துட்டுப் போவும்."

அப்பா அசையவில்லை. "நான் ஒண்ணும் குத்தம் செய்தவன் இல்ல" என்றார்.

நான் தூணைக் கட்டிக்கொண்டேன். ஐயோ, இப்போது சண்டை போட்டால் எல்லாம் முடிந்தது! பாகையை அவிழ்த்தால் அப்பா முடிந்தார், அவிழ்க்காவிட்டால் மாப்பிள்ளை முடிந்தார். உள்ளேயிருந்து சூப்பிரண்டு தலையைத் தூக்கினார்.

"அயாள் யூனிஃபாமில் இல்லல்லோ. விடு, அப்படியே வரட்டே."

அப்பா பாகையோடு உள்ளே போனார்.

சூப்பிரண்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "சத்தியம் பற. ஆரெக் கண்டு தட்டி?" ஏட்டையா பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார். என் வீட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பவில்லை, கண் நேரே. அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

"மாமாவைக் கண்டு ஸார். ஜீப்பொண்ணும் காணல்ல. அவிய பாகைய அவுக்கப் போனாவ. அதப் பாத்துட்டு நிக்க என்னால முடியல்ல. கை தன்னால போச்சு ஸார்."

ஏட்டையா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா அதற்குள், "ஏமானே, குத்தம் என்னுதாக்கும். எனக்கும் தட்டணும்னு கேட்டது நானு. என்னக் கெட்டி அடியுங்க, பிள்ளைய விட்டுருங்க" என்று ஆரம்பித்துவிட்டார்.

சூப்பிரண்டு அவரை நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டார். பிறகு தன் தோள்பட்டையில் இருந்த அசோகச் சிங்கத்தைத் தொட்டுக் காட்டினார். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். "கார்ந்நோரே, பெரியவரே, இவன் எனக்கு சல்யூட் அடிக்கிறது எனக்கில்லை. இதுக்கு. நான் வேட்டி கட்டிட்டு வந்தால் எனக்கும் கிடையாது. திருப்பிக் கொடுக்கவும் என்னால் ஆகாது. அது இவனுடைய சாமான் இல்லை, மனசு வந்தால் எடுத்துக் கொடுக்க. நேற்று இவன் உங்களுக்கு மரியாதை கொடுத்தான். அந்த நேரத்துக்குக் கஜானாவுக்குக் காவல் கிடையாது. என் இடத்தில் ஒரு கள்ளன் நின்றிருந்தால்? வெளியே நின்ற கூட்டம் கல்லோடு வந்த கூட்டமாக இருந்திருந்தால்? ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே எத்தனை பேர் ஓடுவார்கள் என்று தட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டும்."

அப்பாவுக்கு நியாயம் புரிந்துவிட்டால் முகம் சின்னப்பிள்ளை முகமாகிவிடும். அப்படி ஆகிவிட்டது.

தீர்ப்பு வந்தது. ஒரு பட்சம், பதினைந்து நாள், பேக் டிரில். அதாவது முதுகில் மூட்டை, தோளில் துப்பாக்கி, மத்தியான வெயிலில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகும். பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னார். கஜானாக் கதவை விட்டு எழுந்த ஆளுக்கும் அதே டிரில். ஏட்டையாவுக்கு எச்சரிக்கை. பென்ஷன் தப்பியது. அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப்பக்கம் வருவதற்கே ஒரு வருஷம் ஆயிற்று.

"அபௌட் டர்ன்! குவிக் மார்ச்!" என் வீட்டுக்காரர் திரும்பினார், நடந்தார். சல்யூட் அடிக்கவில்லை. தலை வெறுமை, அடிக்கக்கூடாது.

அப்பா அலறினார்.

"மாப்ளே! ஏமானுக்கு ஒரு சல்யூட்டு அடிச்சிட்டுப் போங்க மாப்ளே! இவ்வளவு செய்தாவல்லா! ஏமானே, பிள்ளைக்குப் பயம், மறந்துட்டான், நான் அடிக்கேன்..." என்று இடதுகையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார். வலது கையால் என்னைத் தேடினார்.

நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, அவிய தலையில தொப்பி இல்ல, அடிக்கப்பிடாது! வாங்க, வாங்க!" சூப்பிரண்டு முகத்தைக் காகிதத்துக்குள் புதைத்துக்கொண்டார். மீசை ஆடியது. அழுகிறவருக்கும் மீசை ஆடும், சிரிக்கிறவருக்கும் ஆடும். நான் நின்று பார்க்கவில்லை.

பேக் டிரில் நடந்த நாளெல்லாம் அப்பா ஊருக்குப் போகவில்லை. மத்தியானம் மைதானத்து ஓரத்தில் வெயிலில் நின்றார். நிழலுக்கு வாருங்கள் என்றால் வரமாட்டார். "அவரு நடக்காரு, நான் நிக்கியேன்" என்பார். பேசமாட்டார். கையும் காட்டமாட்டார். ராத்திரி மாப்பிள்ளையின் காலுக்கு வேப்பெண்ணெய் தடவுவது மட்டும் அவர் வேலை. மருமகன் கூச்சத்தில் காலை இழுப்பார். மாமனார் இழுத்து மடியில் வைப்பார்.

"மாமா, வேண்டாம். நாட்டுல ஆராவது மருமவனுக்கு எண்ண போடுவாவளா?"

"சும்மா இரும். இப்போ நீரு பாராவில இல்ல."

பிள்ளை பிறந்து, அது தவழ ஆரம்பித்த பிறகுதான் வேலை நிரந்தரமாயிற்று. மறுபடியும் கஜானாக் காவல் விழுந்தது. அப்பா அன்றைக்கும் வந்தார். அதே பாகை. பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "கச்சேரிப் பக்கமா ஒண்ணு நடந்துட்டு வாறேன்" என்றார். நான் பின்னாலேயே போனேன்.

அப்பா ரோட்டின் அந்த ஓரமாக, வாசலைத் திரும்பிப் பார்க்காமல், கண் நேரே நடந்தார். வாசலில் என் வீட்டுக்காரரும் கண் நேரே. பேத்திதான் அப்பாவின் தோளுக்கு மேலே எட்டி அவரைக் கண்டுவிட்டாள். கையை ஆட்டி, "ப்பா, ப்பா" என்று கத்த ஆரம்பித்தாள். சாயாக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அப்பா நடையை நிறுத்தாமல் பேத்தியின் வாயைப் பாகைத் தும்பால் பொத்தினார்.

"சும்மா இரு மக்கா. அது ஆரோ ஒரு போலீசுக்காரனாக்கும்."

துப்பாக்கி தோளில் அப்படியே இருந்தது. கை அசையவில்லை. திருப்பம் தாண்டி, கச்சேரி மறைந்த பிறகு அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "எப்படி நின்னாரு கண்டியா? நம்மள ஏறெடுத்தும் பாக்கல்ல, கேட்டியா!" என்றார். அவ்வளவு பெருமை அந்த முகத்தில்.